காப்பகம் கொடுத்த ரசீது உரிமம் ஆகுமா?

வாசகர் கேள்வி: ஒரு மேடை நாடகக் குழுவைப் பற்றி 62 நிமிட ஆவணப்படம் எடுத்திருக்கிறேன். எடிட்டிங் முடியும் நிலை. 1950களில் வந்த ஒரு செய்திப்படத்திலிருந்து 40 வினாடி சேர்த்திருக்கிறேன். ஒரு காப்பகத்துக்குப் பணம் கட்டி வாங்கியது. நடிகர்களின் குடும்பத்தார் ஆல்பத்திலிருந்து 11 புகைப்படங்கள் கொடுத்தார்கள். இணையத்தில் கிடைத்தவை 4. அடுத்த மாதம் பொதுத் திரையிடல், நுழைவுக் கட்டணம் கிடையாது. கடைசியில் எல்லோருக்கும் நன்றி போட்டால் போதாதா?

பதில்:

போதாது. நன்றி சொல்வது மரியாதை. அனுமதி வாங்குவது வேறு விஷயம். கட்டணம் இல்லாத திரையிடல் என்பதும் இங்கே பெரிதாக உதவாது. அடுத்தவர் எடுத்த காட்சியை உங்கள் படத்தில் பிரதி செய்து சேர்த்தபோதே பதிப்புரிமையைத் தொட்டுவிட்டீர்கள். அதைப் பலர் முன் திரையிடுவது இரண்டாவது செயல். டிக்கெட் விற்கவில்லை என்றால் உரிமையாளர் கேட்கும் தொகை குறையலாம், கேட்கும் உரிமை போய்விடாது. ஆனால் பயப்படும் அளவுக்கும் ஒன்றும் இல்லை. உங்களிடம் இருப்பது மொத்தம் 16 பொருள்கள். ஒரு மாதத்தில் பெரும்பகுதியைச் சரிசெய்துவிடலாம்.

முதலில் அந்தக் காப்பக ரசீதை எடுத்து மேசையில் வையுங்கள். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். காப்பகத்துக்கு நீங்கள் கட்டிய பணம் பெரும்பாலும் பிரதிக் கட்டணமாக இருக்கும். அதாவது பழைய சுருளைத் தேடி எடுத்து, ஸ்கேன் செய்து, கோப்பாக அனுப்பிய வேலைக்கான கூலி. அதைப் பொதுவில் காட்டும் உரிமம் அதற்குள் அடங்கியிருக்கலாம், அடங்காமலும் இருக்கலாம். ரசீதிலோ அதோடு வந்த படிவத்திலோ 'ஆய்வுக்கும் தனிப்பட்ட பார்வைக்கும்' என்பது போல ஒரு வரி இருந்தால் உங்கள் கையில் இருப்பது பிரதி மட்டுமே. உரிமம் என்றால் அதில் உங்கள் படத்தின் பெயர், எந்தத் துணுக்கு, எத்தனை வினாடி, எங்கே காட்டலாம், எத்தனை ஆண்டு என்று எழுதியிருக்கும்.

அடுத்த சிக்கல், காப்பகமே உரிமையாளராக இல்லாமல் இருக்கலாம். காப்பகங்கள் மூன்று விதம். சிலவற்றுக்குப் படத்தின் பதிப்புரிமையே சொந்தம். சில, உரிமையாளரின் சார்பில் உரிமம் விற்கும் முகவர்கள். மற்றவை யாரோ நன்கொடையாகக் கொடுத்த சுருளைப் பத்திரமாக வைத்திருப்பவை, அவ்வளவுதான். மூன்றாவது வகையிடம் எத்தனை கையெழுத்து வாங்கினாலும், தன்னிடம் இல்லாததை அது கொடுக்க முடியாது. அதனால் காப்பகத்துக்கு எழுதும்போது 'பயன்படுத்திக்கொள்ளலாமா?' என்று கேட்காதீர்கள். அதற்கு 'தாராளமாக' என்று ஒரு வார்த்தையில் பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இப்படிக் கேளுங்கள்: 'இந்தத் துணுக்கின் பதிப்புரிமை உங்களுடையதா? இல்லையென்றால் யார் சார்பில் உரிமம் வழங்குகிறீர்கள்? அதற்கான பொறுப்பை உரிமத்தில் எழுதித் தருவீர்களா?' மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் உண்மை தெரியும். உரிமை தன்னிடம் இருப்பதில் உறுதியாக உள்ள காப்பகம் எழுதித் தரும். சந்தேகம் உள்ள காப்பகம், 'மூன்றாம் தரப்பினர் உரிமைகளை விண்ணப்பதாரரே பெற வேண்டும்' என்று பதில் போடும். அப்படி வந்தால் மனம் தளர வேண்டாம், அது நேர்மையான பதில். தேடலை அங்கிருந்து தொடங்க வேண்டும், அவ்வளவே.

தேடல் தொடங்குவது துணுக்கின் தலைப்பு அட்டையில். உங்களுக்கு வந்த 40 வினாடியில் அது இருக்காது. முழுச் செய்திப்படத்தின் முதல் சில அடிகளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தயாரித்த நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் அதில் இருக்கும். அந்த நிறுவனம் எப்போதோ மூடியிருக்கலாம், ஆனால் அதன் படத் தொகுப்பை வேறொருவர் வாங்கியிருப்பார். செய்திப்படத் தொகுப்புகள் கைமாறிக்கொண்டே வந்தவை. இணையத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைப்பதை வைத்தும் முடிவுக்கு வராதீர்கள். பிரிட்டிஷ் பாத்தே தன் செய்திப்படங்களில் சுமார் 85,000 துணுக்குகளை 2014இல் யூடியூபில் ஏற்றியது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் ஒரு ஆவணப்படத்தில் சேர்க்க உரிமம் வாங்கியாக வேண்டும்.

சரி, உரிமையாளர் கிடைத்தார், உரிமமும் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். அந்த 40 வினாடியை இப்போது ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். நாடகக் குழுவைப் பற்றிய செய்திப்படம் என்பதால் என்னென்ன இருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது: வர்ணனையாளர் குரல், பின்னணியில் ஒரு இசைத்தட்டு, மேடையில் பேசப்படும் வசனம். இவை ஒவ்வொன்றும் தனி உரிமை. செய்திப்பட நிறுவனம் அந்த இசையைத் தன் செய்திப்படத்துக்கு மட்டும் வாங்கியிருக்கும், உங்களுக்கு மறுபடி விற்க அதனால் முடியாமல் போகலாம். காப்பகங்களின் உரிமப் படிவத்தில் 'உள்ளடங்கிய இசை, நாடகம், நடிப்பு ஆகியவற்றுக்கான உரிமைகள் இதில் சேராது' என்று ஒரு வரி சாதாரணமாக இருக்கும். படித்துவிட்டுக் கடந்துபோகிற வரி அது. இசைக்கு மட்டுமே இரண்டு கதவு தட்ட வேண்டும்: மெட்டும் பாடல் வரியும் யாருடையவையோ அவர்களிடம் ஒன்று, அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவு யாருடையதோ அவர்களிடம் இன்னொன்று. நாடக வசனம் தெளிவாகக் கேட்டால் நாடகாசிரியரின் வாரிசுகளும் கணக்கில் வருவார்கள்.

இதற்கு எளிய வழி உண்டு, நான் பெரும்பாலும் அதைத்தான் சொல்வேன். படத்துக்கு மட்டும் உரிமம் வாங்கிவிட்டு ஒலியை முழுக்க எடுத்துவிடுங்கள். அதன்மேல் அந்த மேடையில் நடித்த மூத்த நடிகர் ஒருவரின் பேட்டிக் குரலை ஓடவிடுங்கள். உங்கள் படத்தில் பேட்டிகள் இருக்கத்தானே செய்யும்? பல சமயம் காட்சிக்கும் அதுதான் நல்லது. 1950களின் வர்ணனையாளர் குரலில் வரும் ஆரவாரம் முதல் 5 வினாடிக்கு இனிக்கும், பிறகு உங்கள் படத்தையே வேறு யாரோ நடத்துவது போலாகிவிடும்.

இனி குடும்ப ஆல்பம். என் தொழிலில் வாங்கிய முதல் அடி இதில்தான். ஒரு படத்துக்காக ஒரு வீட்டில் 7 புகைப்படங்கள் வாங்கினேன். குடும்பத்தாரிடம் கையெழுத்தும் வாங்கினேன். மிகவும் திருப்தி. திரையிடல் முடிந்ததும் ஒருவர் வந்து நின்றார். நடுவில் 12 வினாடி ஓடிய அந்தப் பெரிய புகைப்படத்தை எடுத்தது தன் தாத்தா என்றார். கோபம்கூட இல்லை. தாத்தாவின் பெயர் வரவில்லையே என்ற வருத்தம்தான். வீட்டுக்குப் போய் ஸ்கேன்களைத் தேடினேன். படத்தின் முன்பக்கம் மட்டுமே ஸ்கேன் செய்திருந்தேன். மறுநாள் ஆல்பத்தைக் கேட்டு வாங்கிப் பின்பக்கம் பார்த்தால், ஊதா மையில் ஸ்டூடியோ முத்திரையும் ஒரு நெகட்டிவ் எண்ணும் இருந்தன. அன்றிலிருந்து எந்தப் புகைப்படமானாலும் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்யாமல் திருப்பித் தருவதில்லை.

புகைப்படத் தாள் யாரிடம் இருக்கிறதோ அவருக்குத் தாள்தான் சொந்தம். பதிப்புரிமை பொதுவாக எடுத்தவருக்கு. ஆனால் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படங்களில் நாட்டுக்கு நாடு விதி மாறும். இந்தியச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். பிரிட்டனிலும் 1989க்கு முந்தைய படங்களுக்கு ஏறக்குறைய அதே நிலை; அதற்குப் பிறகு எடுத்தவருக்கு. அமெரிக்காவில் 1978 முதல் எடுத்தவை பொதுவாக எடுத்தவருக்கே. ஆகவே உங்கள் 11 படங்களையும் மூன்று குவியலாகப் பிரியுங்கள். வீட்டில் ஒருவர் தம் கேமராவில் எடுத்தவை முதல் குவியல். அந்த நபரோ அவருடைய வாரிசுகளோ கையெழுத்திட்டால் முடிந்தது. வாரிசு என்றால் படத்தைக் கொடுத்தவர் மட்டும் அல்ல; மூன்று பிள்ளைகள் இருந்தால் மூவரும், அல்லது மற்ற இருவரும் ஒருவருக்குக் கொடுத்த அதிகாரக் கடிதம். குடும்பம் ஸ்டூடியோவுக்குப் போய்ப் பணம் கொடுத்து எடுத்துக்கொண்டவை இரண்டாம் குவியல். மேலே சொன்ன விதிப்படி இவை யாருடையவை என்று பாருங்கள். மூன்றாவதில்தான் கவனம் வேண்டும். பத்திரிகைக்காக யாரோ எடுத்து, நடிகருக்கு ஒரு பிரதி கொடுத்த மேடைக் காட்சிகள் அவை. ஆல்பத்தில் இருப்பதால் குடும்பப் படம் போலத் தெரியும். பத்திரிகையிடமோ எடுத்தவரிடமோ கேட்டாக வேண்டும்.

'அவ்வளவு பழைய படத்துக்குமா உரிமை?' என்று நினைப்பீர்கள். வயதைக் கணக்கிடும் விதமும் இடத்துக்கு இடம் வேறு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் எடுத்தவர் இறந்து 70 ஆண்டு. இந்தியாவில் 2012 வரை புகைப்படத்துக்கு வெளியான ஆண்டுக்குப் பின் 60. அந்த ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு எடுத்தவரின் ஆயுளுக்குப் பின் 60. திரைப்படத்துக்கு வெளியீட்டிலிருந்து 60. அமெரிக்காவில் 1978க்கு முன்பு வெளியான பல படைப்புகளுக்கு வெளியீட்டிலிருந்து 95 வரை போகும். எனவே 1950களின் செய்திப்படம் ஒரு நாட்டில் காலம் முடிந்து யாருக்கும் பொதுவாகியிருக்கலாம், இன்னொரு நாட்டில் உயிரோடு இருக்கலாம். பொதுவாக எங்கே திரையிடுகிறீர்களோ அந்த நாட்டுச் சட்டம்தான் அங்கே பேசும். அடுத்த மாதத் திரையிடலுக்குச் சிக்கல் இல்லாத ஒரு துணுக்கு, பிறகு வெளிநாட்டு விழாவுக்குப் போகும்போது சிக்கலாகலாம். காலம் முடிந்தது என்று முடிவு செய்தால், எந்த ஆண்டை வைத்து, எந்த நாட்டுக்கு என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

இணையத்தில் எடுத்த 4 படங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படத்தை ஏற்றியவர் உரிமையாளராக இருக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் எங்கிருந்தோ எடுத்துப் போட்டவர்தான். படத்தை வைத்துத் தேடும் வசதியில் போட்டு, மிகப் பழைய, மிகப் பெரிய பிரதி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மூலம் தெரியவில்லை என்றால் அந்த 4 படத்தையும் இப்போதே எடுத்துவிடுவது நல்லது. மூலப் பக்கத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தின் CC BY போன்ற குறி இருந்தால் பெயர் போட்டுப் பயன்படுத்தலாம், ஆனால் பெயர், உரிமக் குறி, மூலம் மூன்றும் கடைசிப் பெயர் அட்டையில் வர வேண்டும். NC என்று இருந்தால் வணிக நோக்குக்கு ஆகாது, ND என்று இருந்தால் வெட்டியோ நிறம் மாற்றியோ காட்டக்கூடாது. அந்தப் பக்கத்தைத் தேதியோடு சேமித்து வையுங்கள். பிறகு அதை நீக்கிவிட்டால் உங்களிடம் இருக்கும் ஒரே சான்று அதுதான்.

உரிமம் கிடைக்கும்போது அதன் அளவைப் பாருங்கள். 'ஆவணப்படத்தில் பயன்படுத்த அனுமதி' என்று மட்டும் இருந்தால் நாளைக்கு வம்பு. எந்த ஊடகத்தில், எந்த நாடுகளில், எத்தனை ஆண்டு, எத்தனை வினாடி ஆகிய நான்கும் எழுத்தில் வேண்டும். காலம் என்ற ஒன்று என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்கக் குடிமை உரிமைப் போராட்டம் பற்றிய 'ஐஸ் ஆன் த பிரைஸ்' தொடரைச் சொல்வேன். 1987இலும் 1990இலும் ஒளிபரப்பான 14 பகுதிகள், முழுக்கக் காப்பகக் காட்சிகளாலும் புகைப்படங்களாலும் பாடல்களாலும் ஆனவை. கையில் பணம் குறைவாக இருந்ததால் பலவற்றுக்குச் சில ஆண்டுகளுக்கு மட்டும் உரிமம் வாங்கியிருந்தார்கள். 1990களின் நடுவில் அவை காலாவதியாயின. தொடரை ஒளிபரப்பவோ புதிதாக வெளியிடவோ முடியாமல் போயிற்று. நன்கொடைகள் திரட்டி மீண்டும் உரிமங்கள் பெற்று, 2006இல்தான் அது தொலைக்காட்சிக்குத் திரும்பியது.

உங்களுக்கு இப்போதே உலகம் முழுவதும், எல்லா ஊடகமும், நிரந்தரமாக வாங்கக் காசு இருக்காது. அதற்கு நாங்கள் செய்வது, முதலில் விழாக்களுக்கும் இலவசத் திரையிடலுக்கும் மட்டும் குறுகிய உரிமம் வாங்குவது. அதே கடிதத்தில், 'தொலைக்காட்சிக்கோ இணையத்துக்கோ விரிவாக்கினால் கட்டணம் இவ்வளவு' என்று இப்போதே தொகையை எழுதி வாங்கிக்கொள்வது. படம் பேர் வாங்கிய பிறகு கேட்டால் அந்தத் தொகை அப்படியே இருக்காது. இன்னொன்று: பல காப்பகங்கள் வினாடிக்கு இவ்வளவு என்று வாங்கினாலும், குறைந்தபட்சம் 30 அல்லது 60 வினாடிக்கு வாங்கியாக வேண்டும் என்பார்கள். 40 வினாடிக்கு 60 வினாடிப் பணம் கொடுப்பதா, 30க்குள் வெட்டுவதா என்பதை எடிட்டரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அதனால்தான் எடிட்டிங் முடிவாகும்வரை இறுதிப் பணத்தைக் கட்டாதீர்கள், ஆனால் விலையை முன்பே பேசிவிடுங்கள்.

'30 வினாடிக்குக் குறைவாக எடுத்தால் அனுமதி வேண்டாம்' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அப்படி வினாடி வைத்து ஒரு பொது விதி எந்தச் சட்டத்திலும் எனக்குக் காட்டியவர் இல்லை. நியாயமான பயன்பாடு என்ற விலக்கு பல நாடுகளில் உண்டு. விமர்சனத்துக்காகவோ ஆய்வுக்காகவோ தேவையான அளவு மட்டும் எடுக்கலாம் என்பது அதன் அடிப்படை. அமெரிக்காவில் ஆவணப்படக்காரர்களே 2005இல் கூடித் தங்களுக்கென ஒரு நடைமுறை அறிக்கை வெளியிட்டார்கள். அந்த விலக்கு அங்கே விரிந்தது, மற்ற பல நாடுகளில் குறுகியது. உங்கள் படத்தில் அந்த நடிப்பு முறையை யாராவது அலசிப் பேசும்போது அதே காட்சி ஓடினால் வாதாட இடம் உண்டு. 'அந்தக் காலத்தில் இப்படி இருந்தது' என்று அழகுக்காக ஓடினால் அந்த வாதம் நிற்காது. உங்கள் 40 வினாடி இரண்டாவது வகை என்று தோன்றுகிறது. விலக்கை நம்பி ஒன்றைச் சேர்ப்பதானால் ஒரு வழக்கறிஞரின் எழுத்துக் கருத்து வேண்டும்.

எவ்வளவு தேடியும் உரிமையாளர் கிடைக்காத படம் ஒன்றோ இரண்டோ மிஞ்சும். பிரிட்டனில் 2014 முதல் அரசின் அறிவுசார் சொத்துரிமை அலுவலகமே, தேடல் நடந்ததற்கான சான்றைப் பார்த்துவிட்டு, அப்படிப்பட்ட படைப்புகளுக்கு உரிமம் கொடுக்கிறது. அது பிரிட்டனுக்குள் மட்டும் செல்லும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012 விதிமுறை நூலகம், காப்பகம் போன்ற நிறுவனங்களுக்கானது, தனிப் படக்காரர் அதில் நுழைய முடியாது. இப்படி வழி இல்லாத இடத்தில் படத்தைச் சேர்ப்பது உங்கள் பொறுப்பில் எடுக்கும் ஆபத்து. எடுப்பதானால் தேடியதற்குச் சான்று வைத்திருங்கள். யாருக்கு எந்தத் தேதியில் எழுதினீர்கள், என்ன பதில் என்று வரிசையாக. 'உரிமையாளர் தொடர்பு கொண்டால் உரிய கட்டணம் தருவோம்' என்று அட்டை போடுவது நல்லெண்ணத்தைக் காட்டும், மீறலை அழிக்காது.

இதையெல்லாம் ஒரே அட்டவணையில் வையுங்கள். என் அட்டவணையில் ஒரு வரி இப்படி இருக்கும்: '00:23:14 முதல் 00:23:26 வரை. மேடைக் காட்சிப் புகைப்படம். கொடுத்தவர் நடிகரின் மகள். பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரை. எடுத்தவரின் வாரிசு தேடப்படுகிறது. கடிதம் 2, பதில் இல்லை. மாற்று: பேட்டி காட்சி.' கடைசிச் சொல் முக்கியம். ஒவ்வொரு பொருளுக்கும் மாற்று என்ன என்பதை முன்பே எடிட்டரிடம் சொல்லி வைத்தால், திரையிடலுக்கு இரண்டு நாள் முன்பு 'தரமாட்டோம்' என்று பதில் வந்தாலும் 12 வினாடியை மாற்றிப் போட ஒரு மணி நேரம்தான்.

படத்தில் இருக்கும் மனிதர்களையும் மறக்காதீர்கள். ஒப்பனை அறையிலோ மருத்துவமனையிலோ எடுத்த படம் என்றால், உயிரோடு இருப்பவரிடமோ குடும்பத்தாரிடமோ கேட்பது பதிப்புரிமைக்கு அப்பாற்பட்ட வேறு அனுமதி. மேடையில் பொதுமக்கள் முன் நடித்த காட்சிகளுக்கு இந்தச் சங்கடம் பெரிதாக வராது.

உங்கள் ஒரு மாதத்தை நான் இப்படிச் செலவழிப்பேன். முதல் வாரம் காப்பகத்துக்கு அந்த மூன்று கேள்விகளும், ஆல்பத்தைக் கொடுத்த வீடுகளுக்கு அனுமதிக் கடிதமும். அனுமதிக் கடிதத்தில் புகைப்படத்தின் சிறு பிரதி ஒட்டியிருக்கட்டும். 'பாட்டி நிற்கும் படம்' என்று எழுதினால் எந்தப் பாட்டி என்று நாளைக்கு யாருக்கும் தெரியாது. இரண்டாம் வாரத்துக்குள் பதில் வராதவற்றுக்கு மறுபடி எழுதுங்கள், தொலைபேசியில் பேசுங்கள், பேசியதை மின்னஞ்சலில் உறுதி செய்யுங்கள். மூன்றாம் வார முடிவில் கையெழுத்து வராதவற்றை இந்தத் திரையிடலுக்கு மாற்றிவிடுங்கள். செய்திப்படத் துணுக்குக்கு அதற்குள் உரிமம் வராது என்று தெரிந்தால், அந்த 40 வினாடியை மட்டும் கறுப்புத் திரையாக விட்டு, அதன்மேல் பேட்டிக் குரலை ஓடவிடுங்கள். உரிமம் வந்தபின் அடுத்த திரையிடலுக்குச் சேர்த்துக்கொள்ளலாம். நன்றி அட்டையைக் கடைசியாகச் செய்யுங்கள், யாருடைய பெயரை எந்த வார்த்தையில் போட வேண்டும் என்பது உரிமத்திலேயே எழுதியிருக்கும்.